குழு மருத்துவக் காப்பீடு மாறும்போது ஊழியர்களுக்கு என்ன எழுத வேண்டும்?

கேள்வி: கோயம்புத்தூரில் சுமார் 180 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஏப்ரல் 1 முதல் எங்கள் குழு மருத்துவக் காப்பீடு வேறு நிறுவனத்துக்கு மாறுகிறது. இதை ஊழியர்களுக்கு எப்படி அறிவிப்பது? பெற்றோர், பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் என்ன மாறும் என்று எப்படி எழுதுவது?

பதில்:

முதல் கடிதத்தை மார்ச் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். புதிய பாலிசி எண் வரட்டும், இ-கார்டு வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்பலாம் என்று காத்திருந்தால் அது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் போய்ச் சேரும். அதற்குள் சிலருக்கு வழியே அடைபட்டிருக்கும். புதிய பாலிசியில் இடம் இல்லாத ஒரு தாயோ தந்தையோ இருந்தால், அவர்கள் இப்போதைய காப்பீட்டு நிறுவனத்திடமே ஒரு தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். குழு பாலிசியில் உள்ள ஊழியருக்கும் குடும்பத்தினருக்கும் இப்படி மாறும் உரிமையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகள் தருகின்றன. சில நோய்களுக்குச் செலவு கிடைக்காத தொடக்க காலமான காத்திருப்புக் காலத்தில், குழுவில் இருந்த காலம் கழித்துக்கொள்ளப்படும். ஆனால் பழைய பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதனால் குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம் கையில் வேண்டும். மார்ச் 31 நள்ளிரவைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

இதனால்தான் முதல் கடிதத்தின் முதல் பத்தி புதிய நிறுவனத்தின் பெருமையைப் பேசக் கூடாது என்று சொல்கிறேன். "யார் தொடர்கிறார்கள், யார் தொடரவில்லை, எந்த நாள் முதல்" என்பதுதான் அங்கே இருக்க வேண்டும். வீட்டில் நோயாளி உள்ள ஒருவர் அந்தக் கடிதத்தில் தேடுவது அதை மட்டும்தான்.

சார்ந்திருப்போர் பட்டியலை இரண்டு பாலிசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தயாரியுங்கள். காப்பீட்டுத் தரகர் கொடுக்கும் ஒப்பீட்டு அட்டவணையில் "ஊழியர், துணைவர், இரண்டு பிள்ளைகள், பெற்றோர்" என்று இரு பக்கமும் ஒரே வரி இருக்கும். வேறுபாடு அந்த வரிக்குக் கீழே உள்ள நிபந்தனைகளில் இருக்கும். பிள்ளைகளுக்கு வயது வரம்பு 25 என்பது பரவலான வழக்கம். பழைய பாலிசியில் அந்த வயதை முடித்தவரை ஆண்டு இறுதிவரை விட்டிருப்பார்கள், புதிய பட்டியலில் முதல் நாளிலேயே நீக்குவார்கள். பெற்றோருக்கு 80 அல்லது 85 என்று உச்ச வயது இருக்கலாம். சொந்தப் பெற்றோர், மாமனார் மாமியார் ஆகிய இரண்டு ஜோடிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் வழக்கமான நிபந்தனை. பழைய பாலிசியில் ஒருவர் தன் தாயையும் மனைவியின் தாயையும் சேர்த்து வைத்திருந்தால், புதியதில் அது செல்லாமல் போகலாம். கணவனை இழந்த இரண்டு அம்மாக்களைப் பராமரிக்கும் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன! அவர்களிடம் கடிதம் போவதற்கு முன்பே நேரில் பேசிவிடுங்கள்.

இப்படி விடுபடுபவர்களின் பெயர்கள் தெரிந்ததும் தரகரிடம் ஒன்று கேளுங்கள்: "ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்களை மட்டும் தொடர அனுமதிக்க முடியுமா?" 180 குடும்பங்களில் வயது வரம்பைத் தாண்டிய பெற்றோர் நான்கைந்து பேர் இருக்கலாம். அவர்களுக்கு மட்டும் விலக்குத் தரக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் முரண்டு பிடிப்பதில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால். பிரீமியம் செலுத்திய பிறகு கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

அடுத்து, பட்டியலை ஊழியர்களே சரிபார்க்கட்டும். பாலிசி தொடங்கும் நாளில் இல்லாத பெற்றோரை நடு ஆண்டில் சேர்ப்பது அநேகமாக முடியாது. புதிதாகத் திருமணமானவரின் துணைவர், புதிதாகப் பிறந்த குழந்தை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் குடும்பம் ஆகியோருக்கு மட்டும்தான் நடுவில் இடம் உண்டு. அதற்கும் பெரும்பாலும் 30 நாள் கெடு இருக்கும். இதில் எளிதில் விடுபட்டுப் போவது மார்ச் மாதத்தில் பிறக்கும் குழந்தை. தாயின் பிரசவம் பழைய பாலிசியில் முடிந்திருக்கும், குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பட்டியல் பிப்ரவரியிலேயே புதிய நிறுவனத்துக்குப் போயிருக்கும். ஏப்ரலில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று மருத்துவமனைக்குப் போனால் பெயரே இருக்காது. பெயர் வைக்காவிட்டாலும் "இன்னாரின் குழந்தை" என்று பிறந்த தேதியோடு சேர்க்க முடியும். கடிதத்தில் இதை ஒரு தனி வரியாகவே எழுதுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், சம்பளப் பதிவில் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர் விரிந்து நிற்கும். பழைய நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடியிருக்கலாம். புதிய இடத்தில் மருத்துவமனையின் காப்பீட்டு மேசை ஆதாரையும் இ-கார்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது பெயரோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால் கேஷ்லெஸ் அனுமதி நின்றுபோகும். "ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள்" என்று சொல்லி, சரிபார்த்துத் திருப்பித் தர ஒரு வாரம் கொடுங்கள். ஊதிய உயர்வால் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டி மார்ச் 31உடன் ஈ.எஸ்.ஐ. சந்தாவிலிருந்து வெளியே வருபவர்களும் இந்தப் பட்டியலில் ஏற வேண்டும். அவர்கள் பழைய பட்டியலில் இல்லாததால் யாரும் தேட மாட்டார்கள்.

இனி சிகிச்சையில் இருப்பவர்கள். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட தேதி. மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்டால் அந்தத் தங்கல் முழுவதும், டிஸ்சார்ஜ் ஏப்ரலில் ஆனாலும், பழைய பாலிசியின் பொறுப்பு. இதுதான் பரவலான நடைமுறை. உங்கள் பழைய பாலிசியின் வாசகமும் அப்படித்தான் இருக்கிறதா என்று தரகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம். ஓர் ஊழியரின் தந்தை, வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மார்ச் 30 அன்று நெஞ்சுவலியோடு சேர்க்கப்படுகிறார். ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஏப்ரல் 3 அன்று வீடு திரும்புகிறார். பில் 2,60,000 ரூபாய். இது முழுவதும் பழைய நிறுவனத்துக்கு. அதோடு நின்றுவிடவில்லை. பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் மருந்து, பரிசோதனைச் செலவும் அதே கிளெய்மின் தொடர்ச்சி. அதாவது ஜூன் 2 வரை வாங்கும் இதய மருந்துகளின் ரசீதுகள் பழைய நிறுவனத்துக்கே போக வேண்டும். இந்த இடத்தில் மகன் தடுமாறுவார். மே மாத ரசீது என்பதால் புதிய நிறுவனத்துக்கு அனுப்புவார். அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் பழைய நிறுவனம் வைத்த கெடு கடந்திருக்கும்.

இதயக் குழாயில் உள்ள இரண்டாவது அடைப்புக்கு ஏப்ரல் 28 அன்று வரச் சொல்கிறார் மருத்துவர். நோய் ஒன்றுதான், மருத்துவரும் ஒருவர்தான், ஆனால் அனுமதி புதியது. ஆகவே இது புதிய பாலிசியில் வரும். முன் அனுமதி புதிதாகக் கேட்க வேண்டும். அந்த மருத்துவமனை புதிய நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். புதிய பாலிசியில் பெற்றோருக்கு 10 சதவீதம் இணைப்பங்கு என்று இருந்தால், 1,80,000 ரூபாய் பில்லில் 18,000 ரூபாயை மகன் கட்ட வேண்டும். பழைய பாலிசியில் அது இல்லையென்றால் அவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். இந்த மூன்றையும் அவர் ஏப்ரல் 28 காலையில் மருத்துவமனையில் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. உங்கள் கடிதம் அதற்காகத்தான்.

சர்க்கரை நோயை மறைக்க வேண்டுமா என்று அந்த மகன் உங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கக்கூடும். தேவையே இல்லை. முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது என்று புதிய குழு பாலிசியில் எழுதியிருந்தால் மருத்துவர் உள்ளதை உள்ளபடி எழுதலாம். மறைத்தால்தான் கிளெய்ம் கெடும். ஆனால் இந்த விலக்கு தானாக வருவதில்லை. நிறுவனம் பேரம் பேசிப் பெறுவது அது. முதல் 30 நாள் காத்திருப்பு, முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு, மகப்பேறுக்கான ஒன்பது மாதக் காத்திருப்பு ஆகிய மூன்றுக்கும் விலக்கு இருக்கிறது என்பதைப் புதிய பாலிசியின் வரைவில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கடிதத்தில் எழுதுங்கள். "பழைய சலுகைகள் அனைத்தும் தொடரும்" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அதை நம்பி ஒருவர் மருத்துவமனைக்குப் போவார்.

டயாலிசிஸ், கீமோதெரபி எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் தனி அனுமதி, தனி கிளெய்ம். ஆகவே மார்ச் 30 அன்று நடந்த டயாலிசிஸ் பழைய பாலிசியிலும், ஏப்ரல் 2 அன்று நடப்பது புதியதிலும் வரும். வாரம் இரண்டு முறை போகும் ஒருவருக்கு இடைவெளி என்பதே கிடையாது. இ-கார்டு வர ஏப்ரல் 10 ஆகுமென்றால் அதற்குள் மூன்று முறையாவது கைக்காசு கட்டியிருப்பார். இவர்களுடைய உறுப்பினர் எண்களை மட்டுமாவது ஏப்ரல் 1 காலைக்குள் தரும்படி டி.பி.ஏ.விடம், அதாவது கிளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனத்திடம், கேளுங்கள். ஐந்தாறு பெயர்களை முன்கூட்டி ஏற்றித் தருவது அவர்களால் முடிகிற வேலை. கீமோதெரபியில் இன்னொன்றும் உண்டு. வாய்வழி கீமோ, இம்யூனோதெரபி போன்ற நவீனச் சிகிச்சைகளுக்குப் பாலிசிகளில் தனி உச்சவரம்பு இருக்கலாம். மொத்தக் காப்பீட்டுத் தொகை 5 லட்சம் என்றாலும் இதற்கு அதில் பாதிதான் என்று இருக்கக்கூடும். பழையதில் இல்லாத வரம்பு புதியதில் வந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு மார்ச்சிலேயே தெரிய வேண்டும்.

ஒரு நன்மையும் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். ஏப்ரல் 1 அன்று எல்லோருக்கும் காப்பீட்டுத் தொகை முழுமையாகப் புதிதாகத் தொடங்குகிறது. ஜனவரியிலேயே தொகை தீர்ந்துபோய்ச் சொந்தப் பணத்தில் சிகிச்சையைத் தொடர்ந்தவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஏப்ரல் தொடக்கத்தில் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குப் பழைய டி.பி.ஏ. ஏற்கெனவே முன் அனுமதி கொடுத்திருந்தால், அந்தக் கடிதம் ஏப்ரல் 1 முதல் செல்லாது. கையில் அனுமதிக் கடிதம் இருப்பதால் குடும்பம் நிம்மதியாக இருக்கும், அதுதான் ஆபத்து. பிரசவமும் அப்படியே. தாய் அனுமதிக்கப்படும் நாளில் எந்தப் பாலிசி நடப்பில் இருக்கிறதோ அதன் மகப்பேறு வரம்புதான் பொருந்தும். பழையதில் சிசேரியனுக்கு 75,000 ரூபாயும் புதியதில் 60,000 ரூபாயும் என்றால், ஏப்ரல் 10 அன்று பிரசவ நாள் குறித்திருப்பவர் 15,000 ரூபாய் கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

மருத்துவமனைப் பட்டியலைப் பொறுத்தவரை, 180 பேருக்கும் நாடு முழுதுக்குமான ஆயிரக்கணக்கான பெயர்கள் தேவையில்லை. கடந்த ஆண்டு உங்கள் ஊழியர்கள் எந்தெந்த மருத்துவமனைக்குப் போனார்கள் என்பது பழைய டி.பி.ஏ. தரும் கிளெய்ம் அறிக்கையில் இருக்கும். அந்தப் பத்துப் பதினைந்து பெயர்களை எடுத்துப் புதிய நெட்வொர்க்கில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். ஊழியர்களின் பெற்றோர் தேனியிலோ தூத்துக்குடியிலோ இருந்தால் அந்த ஊர்களையும் பாருங்கள். நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையில் கட்டிவிட்டுப் பிறகு பணம் திரும்பப் பெறலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனம் விலக்கி வைத்துள்ள மருத்துவமனைகள் என்று தனியாக ஒரு பட்டியல் உண்டு. அங்கே போனால் உயிருக்கு ஆபத்தான அவசரத்திலோ விபத்திலோ நிலைமை சீராகும் வரையிலான செலவு மட்டுமே கிடைக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் பகுதி மருத்துவமனை ஏதாவது இருந்தால் அதன் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.

நோய் விவரங்களைத் திரட்டும் விதத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். "சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் படிவத்தில் நோயின் பெயரை நிரப்பவும்" என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு தாளை அனுப்பாதீர்கள். மேலாளருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர் அதில் எழுத மாட்டார். சரியாக அவருக்குத்தான் உதவி தேவைப்படும். தரகர் அல்லது டி.பி.ஏ. தரப்பில் ஒரே ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, நேரடியாக அவரிடம் பேசலாம், நிறுவனத்துக்கு விவரம் வராது என்று எழுதுங்கள். எழுதியபடி நடக்கவும் செய்யுங்கள்.

முதல் கடிதம் இந்த அளவில் போதும்:

"அன்புடையீர், நம் குழு மருத்துவக் காப்பீடு ஏப்ரல் 1 முதல் வேறு நிறுவனத்துக்கு மாறுகிறது. மார்ச் 31 நள்ளிரவு வரை பழைய பாலிசி நடப்பில் இருக்கும். உங்கள் குடும்பத்தினரில் புதிய பாலிசியில் இடம்பெறுவோரின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. பெயர், பிறந்த தேதி, உறவு ஆகியவை ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்து மார்ச் 12க்குள் கையெழுத்திட்டுத் தரவும். இப்போது காப்பீட்டில் இருந்து, இணைப்பில் இல்லாதவர் யாராவது இருந்தால் உடனே எங்களைச் சந்திக்கவும். அவர் தனிநபர் பாலிசிக்கு மாற விரும்பினால் மார்ச் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மார்ச் 31 அல்லது அதற்கு முன் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவரின் செலவைப் பழைய நிறுவனம் ஏற்கும். ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்படுபவரின் செலவைப் புதிய நிறுவனம் ஏற்கும். தொடர் சிகிச்சை, ஏப்ரலில் அறுவை சிகிச்சை, பிரசவம் உள்ளவர்கள் இணைப்பில் உள்ள எண்ணை அழைக்கவும். பழைய நிறுவனம் தந்த முன் அனுமதி ஏப்ரல் 1 முதல் செல்லாது. பெற்றோருக்கான செலவில் 10 சதவீதத்தை இனி ஊழியர் ஏற்க வேண்டும்."

கடைசி வாக்கியத்தைப் போல, குறைந்தவை எவையோ அவற்றை எண்ணோடு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கூடியவை கடிதத்தின் பின்பகுதியில் வரலாம். கடிதத்தைத் தமிழிலும் கொடுங்கள். ஊழியர் இரவுப் பணியில் இருக்கும்போது மருத்துவமனை மேசையில் நிற்பவர் அவருடைய அம்மாவாகவோ மனைவியாகவோ இருப்பார்.

இரண்டாவது கடிதம் மார்ச் 31 மாலை போக வேண்டும். புதிய பாலிசி எண், டி.பி.ஏ. பெயர், 24 மணி நேர எண், இ-கார்டு வரும்வரை மருத்துவமனையில் என்ன காட்டுவது, இரவில் சிக்கல் என்றால் யாரை அழைப்பது, இவ்வளவுதான். அதை அனுப்பும் முன் பிரீமியம் செலுத்தப்பட்டுவிட்டதா என்று கணக்குப் பிரிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 64விபி பிரிவின்படி பிரீமியம் கைக்கு வராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. மார்ச் 31 கணக்கு முடிக்கும் நெருக்கடியில் ஒரு கையெழுத்துக்காக அந்தப் பணம் ஏப்ரல் 2க்குத் தள்ளிப்போனால், நடுவில் அனுமதிக்கப்படுபவருக்கு எந்தப் பாலிசியும் இருக்காது.

பழைய பாலிசியின் கிளெய்ம்களுக்கு ஒரு மாதம் கழித்து மூன்றாவதாக ஒரு குறிப்பு அனுப்புங்கள். நிலுவையில் உள்ள ரசீதுகளை எந்தத் தேதிக்குள், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். பழைய டி.பி.ஏ.வின் செயலிக்குள் நுழையும் வசதி சில வாரங்களில் நிறுத்தப்படலாம். அதனால் கிளெய்ம் தீர்வுக் கடிதங்களை இப்போதே பதிவிறக்கி வைக்கச் சொல்லுங்கள். பழைய இ-கார்டை ஜூன் முடியும்வரை யாரும் தூக்கிப் போட வேண்டாம்.